சீலும் ஒப்பமும் எழுத்தின் மேல் விழுந்த சான்றிதழ்: இலக்கத்தை எந்த வழியில் எடுப்பது?

புலமைப்பரிசில் நிதியோ கடன் சங்கமோ கிராம உத்தியோகத்தரின் வதிவிடச் சான்றிதழ்களை நூற்றுக்கணக்கில் வாங்கி, அவற்றிலுள்ள பெயர், அடையாள அட்டை இலக்கம், வழங்கிய திகதி ஆகியவற்றை ஒரு அட்டவணைக்குள் கொண்டுவர வேண்டியிருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். களுவாஞ்சிக்குடியிலும் கல்முனையிலும் அக்கரைப்பற்றிலும் இது வழமையான வேலைதான். கணினியில் நிரப்பி அச்சிட்ட சான்றிதழ்களைக் கணினியே பெரும்பாலும் சரியாக வாசித்துவிடும். சிக்கல் கீழ்ப்பகுதியில் தொடங்குகிறது. ஒப்பமிட விட்ட இடம் போதாமல் பெயர்ச் சீல் மேலே ஏறுகிறது. பிரதேச செயலகத்தின் வட்டச் சீல் மேலொப்பத்தோடு சேர்ந்து இலக்கத்தின் மேல் விழுகிறது. அந்த இடத்திலேதான் நமக்கு வேண்டிய 12 இலக்கங்கள் இருக்கின்றன.

இதைக் கையாள நான்கைந்து வழிகள் உண்டு. எது பொருந்தும் என்பதை முடிவு செய்வது மென்பொருள் அல்ல, கையில் இருக்கும் கடதாசி. அது மூலப் பிரதியா, போட்டோ கொப்பியா? சீலின் மை ஊதாவா, நீலமா, கறுப்பா? நிறத்தோடு ஸ்கேன் செய்யப்பட்டதா? இந்த மூன்று கேள்விக்கும் விடை தெரியாமல் ஒரு வழியைத் தேர்ந்தெடுத்தால், பாதி நாள் வேலை செய்த பிறகுதான் அது பிழையான வழி என்று தெரியவரும்.

நிறத்தால் பிரித்தல்

மூலப் பிரதி கையில் இருந்து, சீல் ஊதா அல்லது நீல மையில் இருந்தால், முதலில் இதையே செய்ய வேண்டும். காரணம் மையின் தன்மை. சீல் பெட்டியில் ஊற்றும் மை ஒளி ஊடுருவும் சாயம். லேசர் அச்சின் டோனரோ கரி கலந்த கறுப்புப் பிளாஸ்டிக். சாயம் சில நிறங்களை மட்டும் விழுங்கி மற்றதைத் திருப்பி அனுப்புகிறது, டோனர் எல்லாவற்றையும் விழுங்குகிறது. ஆகவே டோனரின் மேல் சாயம் விழுந்தாலும் அந்த இடம் கறுப்பாகவே இருக்கும். எழுத்து அழியவில்லை, கறுப்பு வெள்ளையாகப் பார்க்கும்போது சாயத்தோடு கலந்துபோகிறது, அவ்வளவுதான்.

அது எப்படிக் கலக்கிறது என்பதை எண்களில் பார்ப்பது நல்லது. நிறப் படத்தில் ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் என மூன்று அளவுகள் உண்டு. 0 முழு இருட்டு, 255 முழு வெளிச்சம். ஒரு மாதிரிக்கு, வெற்றுக் கடதாசி 238, 236, 230 என்றும், ஊதாச் சீல் 120, 85, 175 என்றும், டோனர் 45, 42, 48 என்றும், இரண்டும் சேர்ந்த இடம் 40, 34, 50 என்றும் வைத்துக்கொள்வோம். வழமையான சாம்பல் மாற்றம் சிவப்பில் 0.299, பச்சையில் 0.587, நீலத்தில் 0.114 பங்கு எடுத்துக் கூட்டுகிறது. அப்படிக் கூட்டினால் கடதாசி 236, சீல் 106, டோனர் 44. இப்போது கறுப்பு வெள்ளைக்கு எல்லை வகுக்கும் மென்பொருள் 106ஐக் கடதாசியோடு சேர்க்காது, கறுப்போடுதான் சேர்க்கும். சீலும் எழுத்தும் ஒரே கறுப்பாகிவிடுவது இந்தக் கட்டத்தில்தான்.

சாம்பலாக்காமல், ஒவ்வொரு புள்ளியிலும் மூன்று அளவுகளில் எது பெரியதோ அதை மட்டும் எடுத்தால் கணக்கே மாறிவிடும். கடதாசி 238, சீல் 175, டோனர் 48, சேர்ந்த இடம் 50. இப்போது 110இல் எல்லை வகுத்தால் சீல் கடதாசியோடு போய்விடும், எழுத்து மட்டும் நிற்கும். சிவப்புச் சீலுக்கும் இதே கணக்கு பொருந்தும், ஏனென்றால் அங்கே சிவப்பு அளவு உயர்ந்திருக்கும். படங்களைக் கையாளும் ஓப்பன்சிவி என்ற நிரல் தொகுப்பை பைதனில் வைத்துச் செய்பவருக்கு இது ஐந்து வரி:

```python
import cv2
img = cv2.imread("field.png")
hi = img.max(axis=2)
_, bw = cv2.threshold(hi, 110, 255, cv2.THRESH_BINARY)
cv2.imwrite("field_bw.png", bw)
```

110 என்பது மேலுள்ள மாதிரிக்குரிய எல்லை. உங்கள் ஸ்கேனரில் சீலின் மேல் ஒரு புள்ளி, எழுத்தின் மேல் ஒரு புள்ளி என்று அளவைப் பார்த்து இரண்டுக்கும் நடுவே வையுங்கள். எல்லையைத் தானாகக் கண்டுபிடிக்கும் முறைகளை இந்த இடத்தில் நம்ப வேண்டாம். எழுத்து குறைவாகவும் சீல் பெரிதாகவும் இருக்கும் ஒரு துண்டில், அவை கடதாசிக்கும் சீலுக்கும் நடுவே எல்லையைப் போட்டுவிடக்கூடும். அப்படி நடந்ததென்றால், சீல் முழுவதும் கறுப்பாகத் திரும்பி வந்து நிற்கும். பார்த்தவுடன் தெரிந்துவிடும்.

இந்த வழி தோற்கும் இடங்களும் உண்டு. மிகவும் அடிக்கடி வருவது வாட்சப்பில் அனுப்பிய படம். சாதாரணமாக அனுப்பும்போது படத்தின் நீண்ட பக்கம் ஏறத்தாழ 1600 பிக்சலுக்குச் சுருங்குகிறது. முழு ஏ4 தாளுக்கு அது அங்குலத்துக்கு 137 புள்ளி, அதாவது 137 டிபிஐ அளவுதான். அதைவிடப் பெரிய சேதம் நிறத்தில் நடக்கிறது. ஜேபெக் முறையில் சுருக்கும்போது வெளிச்சம் ஓரளவு கூர்மையாகக் காக்கப்படுகிறது, நிறமோ பெரும்பாலும் அகலத்திலும் உயரத்திலும் பாதியாகக் குறைக்கப்படுகிறது. சீலின் ஊதா பக்கத்திலுள்ள கறுப்பு எழுத்துக்குள் கசிந்து, எழுத்தின் ஓரம் ஊதாவாகிறது. பிறகு நிறத்தால் பிரிக்கும்போது சீலோடு எழுத்தின் ஓரமும் போய், இலக்கம் நூல் போல மெலிந்து இடையிடையே அறுந்து நிற்கும். கொமினிகேஷன் கடையில் ஸ்கேன் செய்துவரச் சொல்லும்போது மூன்று விடயங்களைத் துண்டில் எழுதிக் கொடுத்தால் போதும்: நிறத்தில், 300 டிபிஐயில், `.png` கோப்பாக. வாட்சப்பில்தான் அனுப்ப முடியும் என்றால் படமாக அல்லாமல் ஆவணமாக அனுப்பச் சொல்லுங்கள்.

ஸ்கேனரிலேயே ஒரு நிறத்தை நீக்கும் வசதி சிலவற்றில் இருக்கிறது. வேகமாக இருக்கும் என்று அதைப் போட்டுவிடக் கை போகும், அதைத் தவிர்ப்பது நல்லது. அந்த ஸ்கேனில் சீல் இருக்காது, பிறகு கொண்டுவரவும் முடியாது. சீலும் ஒப்பமும் இல்லாத வதிவிடச் சான்றிதழை ஆறு மாதம் கழித்துக் கணக்காய்வாளர் கேட்டால் எதைக் காட்டுவது? நிறப் படத்தை அப்படியே காத்து வைத்து, இலக்கம் இருக்கும் துண்டை மட்டும் வெட்டி அதன் மேல் வேலை செய்வதே முறை.

ஒப்பம் சீலைப் போன்றதல்ல

மேலே சொன்னது சீலுக்கு. ஒப்பம் பேனையால் போடப்படுவது. அடர்ந்த நீலக் குமிழ்முனைப் பேனையின் கோடு 35, 40, 95 போல வரும். பெரிய அளவை எடுத்தாலும் 95தான். எல்லை 110 என்றால் ஒப்பம் கறுப்பாகவே எஞ்சும். எல்லையை 80க்கு இறக்கலாம், ஆனால் அச்சு மங்கலாக இருந்தால் எழுத்தும் சேர்ந்து போகும். இங்கே உதவுவது வெளிச்சம் அல்ல, மூன்று அளவுகளுக்கு இடையிலான வித்தியாசம். பேனைக் கோட்டில் பெரியதும் சிறியதும் 60 வித்தியாசப்படுகின்றன, டோனரில் 6 மட்டுமே. வித்தியாசம் 40க்கு மேலானால் மை என்று எடுத்து வெளுக்கலாம்:

```python
lo = img.min(axis=2)
bw[(hi - lo) > 40] = 255
cv2.imwrite("field_bw.png", bw)
```

இதன் பலவீனம், பேனையை அழுத்தி ஓட்டிய இடத்தில் இருக்கிறது. குமிழ்முனைப் பேனையின் மை பசை போன்றது, டோனரின் மேலேயே தடிப்பாகப் படிந்து அங்கேயும் நீலம் காட்டும். அந்த இடத்தில் எழுத்தும் சேர்ந்து வெளுத்து, இலக்கத்தின் நடுவே ஒரு வெட்டு விழும். வெட்டு விழுந்த 8ஐக் கணினி 3 என்றோ 6 என்றோ வாசிக்கும். ஆகவே ஒப்பம் குறுக்கே போன ஒவ்வொரு இலக்கத்தையும், வாசிப்பு எவ்வளவு சுத்தமாக வந்திருந்தாலும், சந்தேக வரிசையில் வைப்பதே நியாயம்.

கறுப்புப் பேனை, கறுப்புச் சீல், போட்டோ கொப்பி ஆகிய மூன்றிலும் நிறம் என்று ஒன்று இல்லை. இவற்றில் நிறத்தால் பிரிக்க முயல்வது நேர விரயம். மூலப் பிரதியாக இருந்தால் ஒரு வழி மிச்சமிருக்கிறது, அகச்சிவப்பு ஒளி. டோனரின் கரி அகச்சிவப்பிலும் கறுப்பாகத் தெரியும். சாய மைகள் பல அதில் கண்ணாடி போல மறைந்துவிடும். கடவுச்சீட்டு வாசிக்கும் கருவிகள் சிலவற்றில் அந்த ஒளி இருக்கிறது. ஆனால் கரித்தூள் கலந்த கறுப்பு ஜெல் பேனை அங்கேயும் கறுப்பாகவே நிற்கும். வங்கிக் கிளை போன்ற இடத்தில் கருவி ஏற்கெனவே இருந்தால் பயன்படுத்துங்கள். இதற்கென்று புதிதாக வாங்குவது ஒரு சிறிய நிதியத்துக்குக் கட்டுப்படியாகாது.

அழித்து நிரப்புதல்: வேண்டாம்

சீல் இருக்கும் இடத்தை மூடி, சுற்றியுள்ள புள்ளிகளை வைத்து அந்த இடத்தை நிரப்பும் வசதி படத் திருத்த மென்பொருள்களில் உண்டு. ஓப்பன்சிவியில் `cv2.inpaint` இதைத்தான் செய்கிறது. படம் அழகாக வரும் என்பதில் சந்தேகமில்லை. ஆபத்தும் அந்த அழகில்தான் இருக்கிறது. நிரப்பப்பட்ட கோடு கடதாசியில் இருந்து வந்ததல்ல, பக்கத்துக் கோடுகள் எப்படிப் போகின்றன என்பதை வைத்துக் கணக்கிடப்பட்டது. மூடிய இடத்துக்குள் 3 இருந்ததா 8 இருந்ததா என்று அந்தக் கணக்குக்குத் தெரியாது. ஆனால் அது ஏதோ ஒன்றைத் தெளிவாக வரைந்து வைக்கும், பிறகு வாசிக்கும் மென்பொருள் அதை உறுதியோடு வாசிக்கும். மங்கலாக இருந்திருந்தால் ஒருவர் நின்று பார்த்திருப்பார். நிறத்தால் பிரிப்பது கடதாசியில் உள்ளதைத் தெரிவு செய்கிறது, நிரப்புவது இல்லாததைச் சேர்க்கிறது. எடுக்க வேண்டிய பெறுமதியின் மேல் பின்னதைச் செய்யவே கூடாது.

கோட்டின் தடிப்பை வைத்துப் பிரிக்கலாமே என்று சிலர் கேட்பார்கள். 300 டிபிஐயில் ஒரு மில்லிமீற்றர் ஏறத்தாழ 12 பிக்சல். அரை மில்லிமீற்றர் தடிப்புள்ள சீல் வளையம் 6 பிக்சல், 11 புள்ளி எழுத்தின் கோடு 3, 4 பிக்சல். மை அதிகம் ஊறிய சீலில் வளையம் இன்னும் பருக்கும், தேய்ந்த சீலில் எழுத்தளவுக்கு மெலியும். மாரி மாதங்களில் ஈரம் ஏறிய கடதாசியில் மை ஓரம் கசிந்து படரும். ஒரு சான்றிதழில் சரியாக வேலை செய்த அளவு அடுத்ததில் செய்யாது.

நிறம் பிரித்த பிறகு சீலின் துகள்கள் சிறு பொட்டுகளாக எஞ்சும். அவற்றைத் துடைக்கும் வடிகட்டியை இலக்கம் இருக்கும் துண்டில் மட்டும் போடுங்கள். தமிழ்ப் பெயர் இருக்கும் துண்டில் போட்டால் மெய்யெழுத்துகளின் மேலுள்ள புள்ளிகளையும் அது துகளாகவே எண்ணித் துடைத்துவிடும். 'சந்திரன்' என்ற பெயர் 'சநதிரன' என்று வெளிவரும். அதற்கு நேர்மாறாக, எஞ்சிய துகள் 'ர'வின் மேல் விழுந்தால் 'ர்' ஆகும். பெயரில் சீல் விழுந்திருந்தால் துடைக்காமல் விட்டு, விண்ணப்பத்தில் உள்ள பெயரோடு ஒப்பிடுவதே பாதுகாப்பு.

துண்டாக வாசித்து, வேறொன்றோடு ஒப்பிடுதல்

முழுப் பக்கத்தையும் ஒரேயடியாக வாசிக்கவிட்டால் மும்மொழிச் சீலின் சிங்கள, தமிழ், ஆங்கில எழுத்துகள் எல்லாம் இலக்கத்தின் வரியோடு பின்னிக்கொள்ளும். ஆகவே இலக்கம் இருக்கும் வரியை மட்டும் வெட்டி, ஒரே வரி என்றும் இலக்கங்களும் V, X எழுத்துகளும் மட்டுமே வரலாம் என்றும், எழுத்து வாசிக்கும் மென்பொருளான டெசராக்டுக்குச் சொல்வது வழக்கம்:

```
tesseract field_bw.png out --psm 7 -c tessedit_char_whitelist=0123456789VX
```

இப்படிக் கட்டுப்படுத்துவதில் ஒரு பொறி இருக்கிறது. சீல் வளையத்தின் எஞ்சிய வளைவுக்கும் அது ஓர் இலக்கத்தைக் கொடுத்தாக வேண்டும், பெரும்பாலும் 1 அல்லது 0. நீளத்தைப் பார்த்தால் இது பிடிபடும். 2016க்குப் பிந்திய அடையாள அட்டை இலக்கம் 12 இலக்கங்கள், பழையது 9 இலக்கங்களும் V அல்லது X எழுத்தும். 13 வந்தால் அதைத் திருத்த முனையாமல் ஒதுக்கி வைக்க வேண்டும். நீளம் சரியாக இருந்து உள்ளே ஓர் இலக்கம் மாறியிருந்தால்தான் கடினம்.

ஒரு பெண் விண்ணப்பதாரியின் சான்றிதழை எடுத்துக்கொள்வோம். அட்டை இலக்கத்தின் முதல் ஏழு, வட்டச் சீலின் இடப்பக்க வளைவுக்குக் கீழே இருக்கிறது. சாம்பல் படத்தில் 1991588 என்று வாசிக்கப்படுகிறது. நிறம் பிரித்த படத்தில் 1991583. ஏழாவது இலக்கத்தைப் பெரிதாக்கிப் பார்த்தால் காரணம் தெரியும். 3 என்பது இடப்பக்கம் திறந்த வடிவம். சீல் வளையத்தின் வளைவு அந்தத் திறப்பின் மேலாகப் போய் இரண்டு வாய்களையும் மூடுகிறது. 3 அப்படியே 8 ஆகிறது.

இரண்டு வாசிப்பும் வேறுபட்டதே ஒரு நல்ல எச்சரிக்கை. ஆனால் எது சரி என்பதைச் சான்றிதழுக்கு வெளியே உள்ள ஒன்றே சொல்ல வேண்டும். புதிய இலக்கத்தில் முதல் நான்கும் பிறந்த ஆண்டு, அடுத்த மூன்று அந்த ஆண்டின் எத்தனையாவது நாள் என்பது, பெண்களுக்கு அதோடு 500 கூட்டப்படும். 583இல் 500 போனால் 83. நாள் கணக்கில் பெப்ரவரிக்கு எல்லா ஆண்டிலும் 29 நாட்கள். ஜனவரி 31, பெப்ரவரி 29, ஆக 60. மீதி 23. அதாவது 1991 மார்ச் 23. விண்ணப்பத்தோடு இணைத்த பிறப்புச் சான்றிதழிலும் அதே திகதி என்றால் 3தான் சரி. 8 என்றால் மார்ச் 28 வந்திருக்கும்.

இந்தக் கணக்கைக் கணினிக்கு எழுதுபவர்கள் மென்பொருளின் நாட்காட்டியை அப்படியே பயன்படுத்தினால், 1991 லீப் ஆண்டு இல்லாததால் 83ஆவது நாள் மார்ச் 24 என்று வரும். சரியான இலக்கம் பிழை என்று தள்ளப்படும். மார்ச் முதல் டிசம்பர் வரை பிறந்தவர்கள் எல்லாம், லீப் ஆண்டில் பிறந்தவர்களைத் தவிர, ஒரு நாள் வித்தியாசத்தோடு ஒதுக்கப்படுகிறார்கள் என்றால் தேட வேண்டிய காரணம் இதுதான்.

இந்த ஒப்பீடு காப்பது முதல் ஏழு இலக்கங்களை மட்டுமே. கடைசி ஐந்தில் 3 என்பது 8 ஆனாலும் பிறந்த திகதி அதைக் காட்டிக்கொடுக்காது. அவற்றின் மேல் சீல் விழுந்திருந்தால் அடையாள அட்டையின் பிரதியைப் பார்க்காமல் விடக்கூடாது. வழங்கிய திகதிக்கும் இதே மாதிரி எல்லை வைக்கலாம்: விண்ணப்பம் கிடைத்த நாளுக்குப் பிந்தியதாக இருக்க முடியாது. ஆனால் 13ஐ 18 என்று வாசித்தால் அந்த எல்லைக்குள்ளேயே நிற்கும். ஆகவே சீல் விழுந்த திகதிகள் எப்போதும் ஆள் பார்க்க வேண்டியவை.

இரண்டு பேர் பார்த்தல், அல்லது திருப்பி அனுப்புதல்

ஆள் பார்ப்பது என்றால் ஒருவர் கணினியின் விடையைத் திரையில் வைத்துக்கொண்டு 'சரி' அழுத்துவது அல்ல. 1991588 என்று முன்னால் எழுதியிருந்தால் கண் 8ஐத்தான் பார்க்கும். வெட்டிய துண்டை மட்டும், நிறத்தோடு, நான்கு மடங்கு பெரிதாக்கிக் காட்டி, இரண்டு பேர் தனித்தனியாகத் தட்டச்சு செய்ய வேண்டும். இரண்டும் ஒத்தால் ஏற்கலாம். ஒத்துவராவிட்டால் மூன்றாவது ஆளைத் தேட வேண்டாம், கடதாசியை எடுங்கள். மூலப் பிரதியை யன்னல் வெளிச்சத்தில் சற்றுச் சரித்துப் பார்த்தால் டோனர் மெல்லப் பளபளக்கும், கடதாசிக்குள் ஊறிய சீல் மை பளபளக்காது. திரையில் தீராத பல சந்தேகங்கள் இதில் தீரும்.

நூறு சான்றிதழ் மட்டும் வரும் இடத்தில் நிறம் பிரிக்கும் நிரலே தேவையில்லை, நேராக இந்த இரட்டைத் தட்டச்சுக்குப் போவதுதான் மலிவு. ஆயிரத்தைத் தாண்டினால் நிறம் பிரித்து, இரண்டு விதமாக வாசித்து, பிறந்த திகதியோடு ஒத்துப்போனவற்றைத் தானாக ஏற்று, மிச்சத்தை மட்டும் ஆட்களிடம் கொடுப்பது சரி. ஆனால் கடைசி ஐந்தின் மேலோ திகதியின் மேலோ சீல் விழுந்தவையும், இலக்கத்தின் குறுக்கே ஒப்பம் போனவையும் இந்தத் தானியங்கி வரிசைக்குள் போகக்கூடாது. வருவதில் பெரும்பகுதி போட்டோ கொப்பி என்றால் தொகை எதுவானாலும் நிரலில் உழைப்பதைவிட மூலப் பிரதியைக் கேட்பது நல்லது.

அட்டவணையில் இலக்கத்துக்குப் பக்கத்தில் அது எப்படி எடுக்கப்பட்டது என்று ஒரு நெடுவரிசையும், வெட்டிய துண்டின் கோப்புப் பெயருக்கு இன்னொன்றும் வையுங்கள். பிறகு ஒரு இலக்கம் பிழை என்று தெரிந்தால், அதே வழியில் எடுத்த மற்றவற்றை மட்டும் திரும்பப் பார்த்தால் போதும்.

எந்த வழியிலும் வாசிக்க முடியாததை ஊகித்து நிரப்பாமல், 'வாசிக்க முடியவில்லை' என்று குறித்து விண்ணப்பதாரிக்கு அறிவிக்க வேண்டும். கிராம உத்தியோகத்தரிடம் மறுபடி போகிறவருக்குத் தூரமும் ஒரு நாள் கூலியும் செலவு. ஆகவே அறிவித்தலில் என்ன வேண்டும் என்பதைத் தெளிவாக எழுதுங்கள்: அடையாள அட்டை இலக்கத்தின் மேல் சீல் விழுந்துள்ளது, அட்டையின் இருபக்கப் பிரதியை அனுப்பினால் போதும், புதிய சான்றிதழ் தேவையில்லை. திகதி மறைந்திருந்தால் மட்டும் புதிய சான்றிதழ் கேளுங்கள். அப்போது சீலையும் ஒப்பத்தையும் திகதிக்குக் கீழே வெறுமையான இடத்தில் இடுமாறு உத்தியோகத்தரைக் கேட்கும் ஒரு வரியையும் அந்தக் கடிதத்திலேயே சேர்த்து அனுப்புங்கள்.